‘மூட்டு வலி’ என்ற தலைப்பில் வந்த ரத்தக்கசிவு

போன வாரம் ஒரு நோயாளியோடு எங்கள் மருத்துவமனைக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வந்தது. இந்த மாதத்தில் இதே மாதிரி மூன்றாவது. முதல் இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

67 வயது அம்மா. கடிதத்தின் மேலே ‘மூட்டு வலி, சர்க்கரை – மேல் சிகிச்சைக்கு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே ஒன்றரைப் பக்கம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: நான்கு வருடமாக முழங்கால் வலி. எட்டு வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் இருக்கிறார். இரவில் தூக்கம் இல்லை. நெஞ்சு கரிக்கிறது, வாயுத் தொல்லை. மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், ஆஸ்பிரின் எடுக்கிறார். மூன்று வாரமாக மருந்துக்கடையில் வாங்கி தினமும் இரண்டு டைக்ளோஃபெனாக் வலிமாத்திரை போடுகிறார். கடைசிப் பத்தியில் ‘பிற’ என்றொரு துணைத்தலைப்பு. அதன் கீழே: இரண்டு நாளாக எழுந்து நின்றால் தலைச்சுற்றல், மலம் தார் போலக் கருப்பாகப் போகிறது, நாடித்துடிப்பு 116, ரத்த அழுத்தம் 96/60.

மருத்துவம் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது.

வரவேற்பில் இருந்தவர் தலைப்பைப் படித்தார், எலும்பு மூட்டு ஓ.பி.க்கு அனுப்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தலைப்பு என்பதே அதற்குத்தான். அந்த அம்மா இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கழிப்பறைக்குப் போக எழுந்தபோது மயங்கி விழுந்தார். ஹீமோகுளோபின் 6.8. எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தம் ஏற்றி, கசிவை நிறுத்தி, ஐந்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

கடிதம் எழுதிய இளம் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். கெட்டிக்காரப் பெண். எதையும் கேட்காமல் விடவில்லை, எதையும் எழுதாமல் விடவில்லை. “சார், அவங்க சொன்ன ஆர்டர்லயேதான் எழுதினேன். நான் மாத்தக்கூடாதுல்ல?” என்றார்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். சொன்ன வரிசையில் எழுதினால் நேர்மை, வரிசையை மாற்றினால் கைவைத்த மாதிரி என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? இங்கே மூன்று வரிசைகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. நடந்த வரிசை ஒன்று: முதலில் மூட்டு வலி, அதற்கு வலிமாத்திரை, அப்புறம் நெஞ்செரிச்சல், அப்புறம் கருப்பு மலம், அப்புறம் தலைச்சுற்றல். நோயைப் புரிந்துகொள்ள இது வேண்டும், இதைக் கலைக்கக் கூடாது. இரண்டாவது, அவசர வரிசை: எதற்கு இப்போதே கைவைக்க வேண்டும் என்பது. மூன்றாவதுதான் சொன்ன வரிசை. இது நோயின் வரிசையே இல்லை. நோயாளிக்கு எது முதலில் நினைவுக்கு வந்தது, எதைச் சொல்ல வெட்கப்பட்டார், கூட வந்தவர் எப்போது குறுக்கே பேசினார் என்பதன் வரிசை. அதைக் கட்டிக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்?

அந்த இளம் மருத்துவரின் அறையில் அன்றைக்கு நடந்ததை, கூடப் போயிருந்த மருமகளிடமே கேட்டேன். “கால் வலிக்குன்னுதான் சார் வந்தோம். அதைச் சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன். அத்தை ‘அதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லாத’ன்னு கையைப் பிடிச்சாங்க. மலம் கருப்பாப் போறதை எழுந்து வரும்போதுதான் சொன்னேன்” என்றார். கதவுப் பக்கம் போன பிறகு திரும்பி நின்று சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நெஞ்சு வலி, மார்பில் கட்டி, சிறுநீரில் ரத்தம் எல்லாம் என் அறையில் கைப்பிடியைத் தொட்டபடி சொல்லப்பட்டவை. கடைசியில் சொன்னதைக் கடைசியில் எழுதுபவர், அந்த வெட்கத்தையும் சேர்த்துப் பிரதி எடுக்கிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே வைக்க வேண்டிய இடங்கள் உண்டு. மரண வாக்குமூலம் அப்படி. நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் ‘தார் மாதிரி’ என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள், அந்த வார்த்தைக்கு மதிப்பு அதிகம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், ஆனால் தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. ஆனால் பரிந்துரைக் கடிதம் என்பது சுருக்கம். இன்னொருவர் அரை நிமிடத்தில் படித்து ஒரு முடிவு எடுப்பதற்காக எழுதுவது.

சரி, எப்படி எழுதுவது? முதலில் சொன்னபடியே கிறுக்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. முடித்ததும் ஒவ்வொரு வரியிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது தெரிந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்வது மாறுமா? மாறும் என்றால் அது மேலே. இன்று செய்வதை மாற்றுவது அதற்கடுத்து. மூட்டு வலி நான்கு வருடமாக இருக்கிறது, இன்னும் நான்கு நாள் பொறுக்கும். ஆனால் அந்த வலிக்குப் போட்ட மாத்திரை பொறுக்காது. ஆகவே மூட்டு வலி கீழே போகும்போது டைக்ளோஃபெனாக் மட்டும் அதிலிருந்து பிரிந்து மேலே வரும், ஆஸ்பிரினோடு சேர்ந்து ஒரே வரியில் உட்காரும். தனித்தனிப் பத்தியில் கிடந்தபோது அவை வெறும் மாத்திரைகள். பக்கத்தில் வந்ததும் ரத்தக்கசிவுக்குக் காரணம் தெரிகிறது.

தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். ‘வயிறு’, ‘பொது’, ‘பிற’ எல்லாம் அலமாரியின் பெயர், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. ‘பிற’ என்ற துணைத்தலைப்பைக் கண்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எங்கே வைப்பது என்று தெரியாததெல்லாம் அங்கேதான் போய் விழும். அந்தக் கடிதத்தின் மேல்பகுதி இப்படி இருந்திருக்கலாம்:

‘அவசரம்: 2 நாளாகத் தார் போன்ற மலம், நின்றால் தலைச்சுற்றல். நாடி 116, ரத்த அழுத்தம் 96/60.
3 வாரமாக டைக்ளோஃபெனாக், கூடவே ஆஸ்பிரின் (3 வருடம் முன்பு ஸ்டென்ட்).
இரைப்பை ரத்தக்கசிவு என்று சந்தேகம். டைக்ளோஃபெனாக் நிறுத்தியாயிற்று. ஆஸ்பிரின் பற்றி இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.’

சர்க்கரை, தூக்கம், முழங்கால் எல்லாம் இதற்குக் கீழே வரட்டும். எதையும் வெட்டச் சொல்லவில்லை.

கவனித்தீர்களா, தலைப்பு வரியில் நோயின் பெயர் இல்லை. கண்டதும் அளந்ததும்தான் இருக்கிறது. உங்கள் யூகம் மூன்றாவது வரியில், ‘சந்தேகம்’ என்ற சொல்லோடு வருகிறது. இதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். நோயின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டால் அடுத்து பார்ப்பவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். யூகம் தப்பானால், ‘மூட்டு வலி’ செய்த அதே வேலையை அதுவும் செய்யும். நாடித்துடிப்பு 116 யாருடைய யூகமும் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவரிடம் போகும் முன் ஒரு தாளில் எழுதி வருகிறீர்கள், நல்லது. அதில் ‘புதிதாக வந்தது எது, சொல்லக் கூச்சமானது எது’ என்று பார்த்து, அந்த இரண்டையும் மேலே வட்டமிடுங்கள். உட்கார்ந்ததும் அதை முதலில் சொல்லுங்கள். வாயில் வராவிட்டால் தாளை நீட்டுங்கள். கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையின் அட்டையையும் கொண்டு வாருங்கள், திட்ட மாட்டேன்.

அந்த இளம் மருத்துவர் நேற்று ஒரு நோயாளியை அனுப்பியிருந்தார். காய்ச்சல், ஆறாவது நாள். தலைப்பு: ‘காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, கை கால் சில்லென்று இருக்கிறது’. வரவேற்பிலிருந்து நேராக அவசரப் பிரிவுக்கு வந்தார்கள்.