மூன்று குறைகளை அடுக்கினால் அது மதிப்பீடு ஆகிவிடாது

பொருளியல் கட்டுரைகளைத் திருத்த உட்காரும்போது நான் முதலில் தேடிப் படிப்பது மதிப்பீட்டுப் பத்தியைத்தான். கோட்பாட்டு விளக்கமும் வரைபடமும் பெரும்பாலான தாள்களில் ஒன்றுபோலவே இருக்கும். மாணவர் சொந்தமாக யோசித்தாரா என்பது இங்கேதான் தெரியும். ஆனால் நிறையப் பேர் இந்த இடத்துக்கு வந்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டு, நினைவில் உள்ள குறைகளையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். "சர்க்கரை சேர்த்த பானங்களின் அதிக நுகர்வைக் கட்டுப்படுத்த வரி விதிப்பது பயனுள்ள வழியா? மதிப்பிடுக." இதற்கு வழக்கமாக வரும் பத்தி இப்படி இருக்கும்:

"எனினும், இந்த வரிக்குச் சில குறைபாடுகள் உள்ளன. முதலாவதாக, தேவை நெகிழ்ச்சியற்றது என்பதால் நுகர்வு அதிகம் குறையாது. இரண்டாவதாக, இது தேய்வுவீத வரி. ஏழைகளையே அதிகம் பாதிக்கும். மேலும், மக்கள் வேறு இனிப்புப் பண்டங்களுக்கு மாறிவிடலாம். எனவே வரியின் வெற்றி பல காரணிகளைச் சார்ந்தது."

சரளமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வாதங்களின் வரிசையை மாற்றிப் பாருங்கள். மூன்றாவதை முதலில் வைத்தாலும் பத்திக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாதம் இன்னொன்றின் மேல் நிற்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. கடைசி வாக்கியத்தையும் பாருங்கள். மேலே உள்ள மூன்றையும் அடித்துவிட்டாலும் அதை எழுதியிருக்க முடியும். எந்தக் கொள்கையின் வெற்றிதான் பல காரணிகளைச் சார்ந்ததில்லை?

எடைபோடுவது என்றால் இரண்டு வாதங்களையும் ஒரே கேள்விக்கு முன்னால் நிறுத்தி, எது எந்த நிலையில் ஜெயிக்கிறது என்று சொல்வது. அதற்கு முதலில் வாதங்களைக் குறைக்க வேண்டும். மேலே உள்ளவற்றில் மூன்றாவதை நான் விட்டுவிடுவேன். அது தவறு என்பதால் அல்ல. முதல் இரண்டுக்கும் நடுவே ஓர் உறவு இருக்கிறது, பத்தியின் இடம் முழுவதும் அதற்குத் தேவை.

அந்த உறவு இதுதான். வரியால் நுகர்வு குறையாது என்பது ஒரு வாதம். வரி ஏழைகளின் பையைக் காலி செய்யும் என்பது இன்னொன்று. மாணவர்கள் இவற்றைத் தனித்தனிக் குறைகளாக எழுதுகிறார்கள். உண்மையில் இரண்டும் தேவையின் விலை நெகிழ்ச்சி, அதாவது விலை ஏறினால் வாங்கும் அளவு எந்த விகிதத்தில் சரியும் என்ற ஒரே எண்ணில் தொங்குகின்றன. ஏழைக் குடும்பம் நுகர்வைக் குறைக்காவிட்டால், வரிச்சுமை முழுவதும் அதன் தலையில் விழும். உடல்நலப் பயனும் இராது. கணிசமாகக் குறைத்தால், சுமை இளகும், பயன் கூடும். ஆக, முதல் வாதம் பலவீனமானால் இரண்டாவதும் கூடவே பலவீனமாகிறது.

இப்போது ஓர் உண்மைச் சான்றைக் கொண்டுவரலாம். மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி விதித்தது. விலை தோராயமாக 10% ஏறியது. வரி இல்லாதிருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்ற கணிப்போடு ஒப்பிட்டால், அந்த முதல் ஆண்டில் கொள்முதல் சராசரியாக ஏறத்தாழ 6% குறைந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களில் ஏறத்தாழ 9%.

பத்துக்கு ஆறு என்றால் நெகிழ்ச்சியின் அளவு சுமார் 0.6. பாடநூல் வரையறைப்படி 1-க்குக் கீழே இருப்பதால் இது நெகிழ்ச்சியற்ற தேவைதான். ஆனாலும் நுகர்வு குறைந்திருக்கிறது. நெகிழ்ச்சியற்றது என்றால் அசையாதது என்று படித்துக்கொள்வதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. விலை ஏறிய விகிதத்தைவிடக் குறைந்த விகிதத்தில் அளவு சரியும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அடுத்து ஏழைகளின் சுமை. ஒரு குடும்பம் இந்தப் பானங்களுக்கு 100 பெசோ செலவழித்துவந்தது என்று வைத்துக்கொள்வோம். நுகர்வு துளியும் குறையாவிட்டால் செலவு 110 ஆகும். விலை 10% ஏறி, அளவு 9% குறைந்தால், 1.10 × 0.91, அதாவது மறுபடியும் கிட்டத்தட்ட 100. வருமானத்தில் எத்தனை பங்கு வரியாகப் போகிறது என்று பார்த்தால் இது இன்னமும் தேய்வுவீத வரிதான். அதை மறைக்கக் கூடாது. விருப்பப்பட்டதைக் குறைத்துக்கொண்ட இழப்பும் அந்தக் குடும்பத்துக்கு உண்டு. ஆனால் செலவு மொத்தத்தில் ஏறிவிடும் என்ற அச்சம் இந்தக் கணக்கில் நிற்கவில்லை, கொள்முதல் அதிக விகிதத்தில் குறைந்ததும் அந்த வீடுகளில்தான்.

இவ்வளவும் சேர்ந்தால் பத்தி இப்படி வரும்:

"தேவை நெகிழ்ச்சியற்றது என்பதால் வரி பயன்படாது என்ற வாதம், சரிவு சிறிதாக இருக்கும் என்பதையே காட்டுகிறது, சரிவு இராது என்பதை அல்ல. மெக்சிகோவில் சுமார் 10% விலை ஏற்றத்துக்குக் கொள்முதல் ஏறத்தாழ 6% குறைந்தது. தேய்வுவீத வரி என்ற எதிர்ப்பு இதைவிட வலுவானது. ஆயினும் அதன் வலு ஏழைகள் நுகர்வை மாற்றாமல் இருப்பார்கள் என்ற அனுமானத்தில் இருக்கிறது. அங்கே குறைந்த வருமானக் குடும்பங்களில் சரிவு ஏறத்தாழ 9% என்பதால் அந்த அனுமானம் பெரிதும் தளர்கிறது. எனவே நுகர்வைக் குறைக்கும் கருவியாக வரி பயனுள்ளதே. ஆனால் இவ்வளவு சிறிய வரியால், நோயின் பேரில் சமூகம் சுமக்கும் புறச்செலவு முழுவதையும் ஈடுகட்ட முடியும் என்று சொல்ல இந்தச் சான்று போதாது. அது கொள்முதலைத்தான் அளக்கிறது, நோயை அல்ல."

இதில் வாக்கியங்களை இடம் மாற்றிப் பாருங்கள், பத்தி உடையும். எதிர்வாதங்களில் எது வலுவானது என்று சொல்லியிருக்கிறது. முடிவிலும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற எல்லை இருக்கிறது. "பயனுள்ளதே" என்று துணிந்து சொன்ன பிறகு அந்த எல்லையை வைத்ததைக் கவனியுங்கள். எல்லையை மட்டும் எழுதி முடிவை விழுங்கிவிடுவது பழைய "பல காரணிகள்" நோய்தான்.

நேரம் இருந்தால் வரியின் வடிவத்தைப் பற்றி ஓரிரு வாக்கியம் சேர்க்கலாம். மெக்சிகோவின் வரி பானத்தின் அளவு மீது. பிரிட்டன் 2018 ஏப்ரலில் கொண்டுவந்தது சர்க்கரைச் செறிவைப் பொறுத்த வரி: 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரி இல்லை, 5 முதல் லிட்டருக்கு அப்போது 18 பென்ஸ், 8 கிராம் தொட்டால் 24 பென்ஸ். 2016-லேயே அறிவித்துவிட்டதால், வரி தொடங்குமுன்பே பல உற்பத்தியாளர்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். இங்கே வரிக்கு அசைந்தது உற்பத்தியாளர். நுகர்வோரின் நெகிழ்ச்சி குறைவு என்ற வாதத்தின் எடை இந்த வடிவத்தில் இன்னும் குறைகிறது. இதைத் தனிக் குறிப்பாக ஒட்டாமல், அந்த வாதத்துக்குப் பதிலாகவே எழுதுங்கள்.

"தேர்வு அறையில் இந்த எண்களெல்லாம் நினைவுக்கு வராவிட்டால்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். வராவிட்டால் இட்டுக்கட்டாதீர்கள். "ஓர் ஆய்வின்படி" என்று தொடங்கும் பெயரில்லாத புள்ளிவிவரத்தைத் திருத்துபவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். "நெகிழ்ச்சி 0.3 என்று கொண்டால், 10% விலை ஏற்றத்துக்கு நுகர்வு 3%தான் குறையும், ஏழைகளின் செலவு கிட்டத்தட்ட 7% ஏறும், அப்போது தேய்வுவீத வாதமே மேலோங்கும்" என்று அனுமானமாகவே எழுதுங்கள். எண் உங்களுடையது என்று வெளிப்படையாகத் தெரியும், வாதமும் நிற்கும்.