முதுகும் வையமும்: மாத்திரைக் கேள்வியில் மதிப்பெண் போகிற இடம்

இலக்கண விடைத்தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். மாத்திரைக் கேள்வியில் தவறு செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அடிப்படை அளவு தெரியாமல் இல்லை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, புள்ளி வைத்த மெய்க்கும் ஆய்தத்துக்கும் அரை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் 'நாடு' என்ற சொல்லுக்கு மூன்று மாத்திரை என்று எழுதிவிட்டுப் போவார்கள். விடை இரண்டரை.

ஏன் இரண்டரை? நா இரண்டு. டு குறில்தான், ஒன்று என்றுதான் கை எழுதும். ஆனால் அது சொல்லின் கடைசியில், ஒரு நெடிலுக்குப் பின்னால், வல்லின மெய்மேல் ஏறி நிற்கிற உகரம். அதன் ஓசை குறைந்து அரை மாத்திரையாகிவிடும். இதுதான் குற்றியலுகரம். அதே டு 'நடு' என்ற சொல்லில் வந்தால் குறையாது. முன்னால் தனிக் குறில் ஒன்று மட்டும் இருக்கிறதே, அதனால் முழுதாக ஒலிக்கும். எனவே நடு இரண்டு மாத்திரை. காசு இரண்டரை, பசு இரண்டு என்பதும் இதே கணக்கு.

குற்றியலுகரம் சொல்லிக் கொடுத்த மறுநாளே எதிர்ப்பக்கத் தவறு தொடங்கும். உகரத்தைக் கண்டாலே பாதியாக்குவது. ஒருமுறை 'முதுகு' என்று கரும்பலகையில் எழுதி எத்தனை மாத்திரை என்று கேட்டேன். "ஒன்றரை ஐயா, மூணு உகரம், மூணும் அரை" என்றான் ஒரு பையன், சட்டென்று. பாதி வகுப்பு தலையாட்டியது.

சரி, பிரித்துப் பார்ப்போம் என்று எழுத்து எழுத்தாக எடுத்தோம். மு சொல்லின் முதலில் இருக்கிறது, அது குறைய வழியே இல்லை; ஒன்று. து வல்லின உகரம்தான், ஆனால் நடுவில் நிற்கிறது, அதுவும் ஒன்று. கு கடைசியில் இருக்கிறது, வல்லினம், அதற்கு முன்னால் இரண்டு எழுத்து இருக்கின்றன. இது மட்டும் அரை. கூட்டினால் இரண்டரை. ஒரே சொல்லில் மூன்று உகரம் இருந்தும் ஒன்றுதான் குறைகிறது.

அந்தப் பையனிடம் நான் சொன்ன வழியை இன்றுவரை மாற்றவில்லை. முதலில் கூட்டாதே, கடைசி எழுத்தைப் பார். அது கு, சு, டு, து, பு, று என்ற ஆறில் ஒன்றா? இல்லையென்றால் அந்தச் சொல்லில் உகரக் கவலையே வேண்டாம். 'கதவு' வு-வில் முடிகிறது, வகரம் இடையினம். எனவே மூன்று மாத்திரையும் முழுசு. ஆறில் ஒன்று என்றால், அதற்கு முன்னால் தனிக் குறில் மட்டும் இருக்கிறதா என்று பார். இருந்தால் ஒன்று, வேறு எது இருந்தாலும் அரை. 'எழுத்து' என்ற சொல்லே நல்ல பயிற்சி. எ ஒன்று, ழு ஒன்று, த் அரை, து அரை, மூன்று. இங்கே மூன்றரை என்று எழுதுகிறவர் மெய்யைச் சரியாகப் பாதியாக்கிவிட்டு உகரத்தில் வழுக்கியவர். விடைத் தெரிவுகளில் மூன்றும் மூன்றரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது தற்செயல் இல்லை. கேள்வி எழுதுகிற நாங்கள் வேண்டுமென்றேதான் வைக்கிறோம்.

காதால் கேட்டுக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள் சிலர். முற்றியலுகரத்தில் இதழ் நன்றாகக் குவியும், குற்றியலுகரத்தில் அவ்வளவு குவியாது என்பது உண்மைதான். ஆனால் இன்றைய பேச்சில் இந்த வேறுபாடு எல்லோர் வாயிலும் தெளிவாக வருவதில்லை. தேர்வறையில் உதட்டை நம்புவதைவிட விதியை நம்புவது நல்லது.

உகரம்கூடப் பரவாயில்லை. அதில் விடை ஒன்றுதான். ஐகாரத்தில்தான் எனக்கே அடி விழுந்தது. ஒரு வினாத்தாளில் 'வையம்' என்ற சொல்லுக்கு மாத்திரை கேட்டிருந்தேன். தெரிவுகள் இரண்டரை, மூன்று, மூன்றரை, நான்கு. என் விடைக்குறிப்பில் மூன்று. தாள்கள் வந்ததும் மூன்று பக்கமிருந்தும் சண்டை. மூன்று பக்கமும் காரணத்தோடுதான் வந்தார்கள்.

மூன்றரை என்றவர் ஐகாரத்தை நெடிலாக எடுத்து வை-க்கு இரண்டு கொடுத்திருந்தார். ய ஒன்று, ம் அரை. இது தவறு என்று சொல்லிவிடலாம். ஐ, கை, பை என்று தனித்து நிற்கும்போது இரண்டு மாத்திரை ஒலிக்கும் ஐகாரம், வேறு எழுத்தோடு சேர்ந்து சொல்லுக்குள் வந்தால் குறையும். அந்த ஐகாரக்குறுக்கத்தை அவர் கவனிக்கவில்லை.

மூன்று என்றவர் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலைப் பின்பற்றியவர். அதன்படி சொல்லின் முதலில் வரும் ஐகாரத்துக்கு ஒன்றரை, இடையிலும் கடையிலும் வந்தால் ஒன்று. வை ஒன்றரை, ய ஒன்று, ம் அரை. நானும் இந்தக் கணக்கில்தான் இருந்தேன்.

இரண்டரை என்று எழுதிய பெண் நன்னூல் படித்தவள். ஐகாரக்குறுக்கத்துக்கும் ஔகாரக்குறுக்கத்துக்கும் நன்னூல் தருவது ஒரே மாத்திரை. முதல், இடை, கடை என்று அளவைப் பிரிப்பதில்லை. "ஐயா, நூற்பாவில் ஒன்று என்றுதானே இருக்கிறது?" என்று கேட்டாள். அவளுக்கு மதிப்பெண் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு விடைக்கும் மதிப்பெண் போட்டேன். எந்த நூலின்படி என்று கேள்வியில் சொல்லாதது என் குற்றம்.

அதனால் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொல் ஐகாரத்திலோ ஔகாரத்திலோ தொடங்கினால், கேள்வி எந்தப் பாடத்திட்டத்திலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பள்ளிப் பாடநூல் என்றால் ஒன்றரை, நன்னூலைக் குறிப்பிட்டிருந்தால் ஒன்று. 'ஐந்து' என்ற சொல் பாடநூல்படி இரண்டரை, நன்னூல்படி இரண்டு. இதில் து-வின் அரையையும் மறந்தால் இன்னொரு தவறும் சேர்ந்துகொள்ளும்.

மகரக்குறுக்கம், ஆய்தக்குறுக்கம் என்று கால் மாத்திரைச் சங்கதிகளும் உண்டு. போன்ம், முஃடீது போல எண்ணிவிடக்கூடிய சில எடுத்துக்காட்டுகளில்தான் அவை கேட்கப்படுகின்றன. முக்கால் என்று முடியும் தெரிவு கண்ணில் பட்டாலே அந்தப் பக்கம் யோசிக்கலாம்.

வையத்தை அந்த ஆண்டோடு விட்டுவிட்டேன். ஐகாரம் கேட்க வேண்டுமென்றால் இப்போது 'சமையல்' என்று போடுகிறேன். ஐகாரம் நடுவில் நிற்பதால் பாடநூலும் நன்னூலும் மை-க்கு ஒன்றுதான் கொடுக்கின்றன, கூட்டினால் மூன்றரை. நாலரை என்று எழுதுகிற சிலர் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியும்.