ஒருமுறை அலசியதும் கசவுக் கரை நெளிவது ஏன்?

ஓணத்துக்கு வாங்கிய, இரண்டு துண்டாக வரும் செட் முண்டை ஒரே ஒருமுறை அலசினாராம் ஒரு வாசகி. துணி நன்றாக இருக்கிறது, பொன் கரை மட்டும் அலை அலையாக நெளிந்துவிட்டது. “சரிகை போலியா?” என்று கேட்கிறார். நெளிவை வைத்து அதைச் சொல்ல முடியாது. அசல் சரிகையும் நெளியும்.

கேரளத்தின் பலராமபுரம் போன்ற ஊர்களில் நெய்யும் கசவுத் துணியில் உடல் முழுக்க வெளுக்காத பருத்தி நூல். அந்த வெளிர் மஞ்சள் பஞ்சின் சொந்த நிறம். நீளவாக்கில் ஓடும் கரையில் மட்டும் பாவில், அதாவது நீளவாக்கு நூலில், சரிகை ஏறுகிறது. அசல் சரிகை என்றால் பட்டு நூலின் மேல் சுற்றிய தட்டையான வெள்ளிக் கம்பி, அதன்மேல் பொன் முலாம்.

தறியில் பாவு விறைப்பாக நிற்கிறது. கஞ்சி அந்த விறைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீரில் நனைத்ததும் கஞ்சி கரைகிறது. பருத்தி இழை நீரைக் குடித்து நீளாமல் பருக்கிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாவு நூல் குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை நூலையும் மேலும் கீழுமாகத் தாண்டிப் போகிறது. ஊடை பருத்தால், தாண்ட வேண்டிய மேடு உயர்கிறது. நூலின் நீளமோ அதேதான். மேட்டுக்குச் செலவான நீளத்தை ஈடுகட்ட ஊடைகள் நெருங்கி வருகின்றன, துணியின் நீளம் குறைகிறது. காய்ந்த பிறகும் அந்த நெருக்கம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது.

சரிகைப் பாவு இப்படி வளைந்து கொடுக்காது. 2.8 மீட்டர் முண்டு 3 சதவீதம் சுருங்குவதாக வைத்துக்கொள்வோம். துணியில் 8 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். கரையில் அந்த 8 சென்டிமீட்டர் உபரியாக நிற்கும். அதற்கு நெளிவதைத் தவிர வேறு வழியில்லை. சேலையில் இதைக் கொசுவம் ஓரளவு மறைத்துவிடும். செட் முண்டின் கீழ்த் துண்டைக் கொசுவமில்லாமல் இடுப்பில் சுற்றுவதால் கணுக்காலருகே அலை பளிச்சென்று தெரியும். மார்பில் குறுக்காக ஏறி இடது தோளில் விழும் நேரியது என்ற மேல் துண்டிலும் அப்படித்தான்.

உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். வெறும் பொன் கரைத் துணியில் காப்பாற்றச் சாயமே இல்லை. சுருக்கத்தை உப்பு தடுக்கவும் தடுக்காது. அலசி, மெல்லிய கஞ்சி போட்டு, ஈரப்பதம் இருக்கும்போதே இருவர் பிடித்து, கரையை அல்ல, பருத்திப் பகுதியை நீளவாக்கில் இழுத்து இஸ்திரி போடுங்கள். இழந்த நீளத்தில் கொஞ்சம் திரும்பி வரும், கஞ்சி அதை அடுத்த சலவை வரை பிடித்து வைக்கும். இந்தச் சுருக்கத்தைக் குறைக்கும் எளிய முறைகளை ஆராய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கைத்தறிக்கு விளம்பரத்தைவிட அது உதவும்.

போலியா என்று பார்க்க வேண்டுமானால், முனையில் தொங்கும் ஒரு சரிகை இழையை நறுக்கி, உலோகச் சுற்றை நகத்தால் உரித்து, உள்நூலைச் சுடரில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும். பாலியஸ்டர் என்றால் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகும்.