தனியார் கம்பெனியின் மெமொராண்டம்: நோக்கப் பிரிவை எழுதுவது எப்படி

தனியார் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்ய SPICe+ என்னும் விண்ணப்பப் படிவத்தோடு, கம்பெனியின் அடிப்படை ஆவணமான மெமொராண்டமும் INC-33 என்னும் மின்னணு வடிவில் சேர்த்துத் தாக்கல் செய்யப்படுகிறது. அதன் மூன்றாவது பிரிவே நோக்கப் பிரிவு. முதன்முறையாகக் கம்பெனி தொடங்குபவர்கள் பெயரைத் தேர்வதற்குச் செலவிடும் அக்கறையில் பாதியைக்கூட இதற்குச் செலவிடுவதில்லை; ஆடிட்டர் அனுப்பும் வரைவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு டிஜிட்டல் கையெழுத்து இட்டுவிடுகிறார்கள். அந்தக் கம்பெனி எந்தத் தொழிலைச் செய்யலாம் என்ற எல்லையை வரைவது அந்தப் பிரிவுதான்.

2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 4 ஆம் பிரிவின்படி, கம்பெனி எந்த நோக்கங்களுக்காகத் தொடங்கப்படுகிறதோ அவற்றையும், அவற்றை நிறைவேற்றத் தேவையானவற்றையும் மெமொராண்டத்தில் சொல்ல வேண்டும். படிவத்தில் இவை 3(அ), 3(ஆ) என இரண்டு பகுதிகளாக வருகின்றன. முந்தைய 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதன்மை நோக்கங்கள், துணை நோக்கங்கள், இதர நோக்கங்கள் என மூன்று பகுப்புகள் இருந்தன. ‘இதர நோக்கங்கள்’ என்ற பகுதியில் பின்னாளில் தோன்றக்கூடிய தொழில்களையெல்லாம் எழுதி வைப்பது அக்கால வழக்கம். இப்போதைய சட்டத்தில் அந்தப் பகுப்பு இல்லை. ஆனாலும் பழைய மாதிரிகளிலிருந்து எடுத்து ஒட்டிய வரைவுகள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. வரைவில் ‘இதர நோக்கங்கள்’ என்ற தலைப்பைக் கண்டால், அது புதிதாக எழுதப்பட்டதல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். காரைக்குடியில் ஒருவரும் அவருடைய மைத்துனரும் சேர்ந்து ஆத்தங்குடி தரைக்கல் தயாரித்து விற்கும் கம்பெனியைத் தொடங்குகிறார்கள். பங்குகள் அறுபதுக்கு நாற்பது. கல் வார்ப்பதோடு, வெளியூர் வீடுகளில் அதைப் பதித்துக் கொடுப்பதும், பழைய வீடுகளில் பெயர்ந்த தளங்களைச் சீரமைப்பதும் அவர்களுடைய திட்டம். சில ஆண்டுகள் கழித்துப் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைக் குத்தகைக்கு எடுத்துப் பயணிகள் தங்கும் விடுதியாக நடத்தலாம் என்ற எண்ணமும் உண்டு.

இவர்களுடைய 3(அ) பகுதியில் ‘டைல்ஸ் வியாபாரம்’ என்று மட்டும் எழுதினால், தயாரிப்பும் பதிக்கும் வேலையும் அதற்குள் அடங்குமா என்ற கேள்வி எழும். ‘எல்லா வகையான சட்டபூர்வமான தொழில்களும்’ என்று எழுதினால் அது எந்த நோக்கத்தையும் குறிக்காது. சரியான வரைவு ஏறத்தாழ இந்தப் பொருளில் அமையும்: கையால் செய்யப்படும் சிமெண்ட் தரைக்கற்களையும் அவை சார்ந்த கட்டுமானப் பொருட்களையும் தயாரித்தல், வாங்குதல், விற்றல், ஏற்றுமதி செய்தல், அவற்றைக் கட்டடங்களில் பதித்துக் கொடுத்தல், பழைய தளங்களைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தல். இங்கே ‘ஆத்தங்குடி’ என்ற ஊர்ப்பெயரை மட்டும் வைத்து எழுதாமல் பொருளின் தன்மையைச் சொல்வது நல்லது என்பது என் கருத்து. நாளை வேறோர் ஊரில் பட்டறை போட்டாலும் இந்த வரி போதுமானதாக இருக்கும்.

3(ஆ) பகுதி தனித் தொழில்களுக்கான இடமல்ல. கல் தொழிலை நடத்துவதற்காக இடம் வாங்குவது, இயந்திரம் வாங்குவது, வங்கியில் கடன் பெற்றுச் சொத்தை ஈடு வைப்பது, ஆட்களை நியமிப்பது, முகவர்களை ஏற்படுத்துவது ஆகியவை அங்கே வரும். கடன் கொடுக்கும் வங்கி இந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கும். கடன் பெறவும் ஈடு வைக்கவும் தெளிவான வாசகம் இருந்தால் வேலை எளிதாகும். ஆனால் ‘விடுதி நடத்துதல்’ என்று இங்கே ஒரு வரியைச் சேர்ப்பதால் பயனில்லை. கல் விற்பதற்கு விடுதி தேவையில்லை என்பதால் அது துணைச் செயலாகாது, தனித் தொழிலாகும். விடுதியை உறுதியாகவும் விரைவிலும் தொடங்கப் போகிறார்கள் என்றால் 3(அ)-வில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். வெறும் யோசனையாக இருந்தால் விட்டுவிடலாம். தொடர்பில்லாத தொழில்களை அடுக்கினால், அவை கம்பெனியின் பெயரோடு பொருந்தவில்லை என்று படிவம் திருத்தத்திற்காகத் திரும்பி வரக்கூடும்.

நம் பகுதி வரைவுகளில் இன்னொரு வரி பழக்கத்தால் நுழைந்துவிடுகிறது: வட்டிக்குப் பணம் கொடுத்தல், பங்குகளில் முதலீடு செய்தல். ரிசர்வ் வங்கி போன்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவோ அனுமதியோ தேவைப்படும் தொழில் நோக்கங்களில் இருந்தால், அதைப் பெற்ற பிறகே அத்தொழிலைத் தொடங்குவோம் என்று பதிவின்போதே உறுதிமொழி கொடுக்க வேண்டும். கல் கம்பெனிக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை. உபரிப் பணத்தை வங்கியில் வைப்பாக வைப்பதற்கு 3(ஆ)-வில் ஒரு வரி போதும்.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு நகரத்தார் ஒருவரின் பெயரோடு தொடர்புடைய வழக்கே சான்றாக இருக்கிறது. 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1954-இல் விமான விபத்தில் காலமானார். அவர் நினைவாக அமைந்த அறக்கட்டளைக்கு யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 2 லட்சம் ரூபாய் வழங்கியது. பங்குதாரர்கள் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியிருந்தது. பொதுநலப் பணிகளுக்குப் பணம் கொடுக்க அக்கம்பெனியின் உள்நிர்வாக விதிகளான ஆர்ட்டிகிள்ஸில் இடமும் இருந்தது. 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் தேசியமயமானபோது பொறுப்பேற்ற எல்.ஐ.சி. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காப்பீடு குறித்த அறிவைப் பரப்புவதும் அறக்கட்டளையின் பணிகளுள் ஒன்று என்ற வாதம் ஏற்கப்படவில்லை. மெமொராண்டத்தில் சொல்லப்பட்ட நோக்கத்தோடு நெருங்கிய தொடர்பில்லாத செலவு செல்லாது, ஆர்ட்டிகிள்ஸ் அந்த எல்லையை விரிக்க முடியாது, பங்குதாரர்களின் ஒப்புதலும் அதைச் சரிசெய்யாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. (நன்கொடைக்கு மட்டும் இன்று 181 ஆம் பிரிவு தனி வழி வகுத்திருக்கிறது.) கையாடல் என்று யாரும் குற்றம் சாட்டாத, நல்ல காரியத்துக்குக் கொடுத்த பணத்துக்கே நிலைமை இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நோக்கத்தைப் பிறகு மாற்ற முடியும். அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பதிவான வாக்குகளில், எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்காவது ஆதரவு வாக்குகள் இருக்க வேண்டும் என்பது விதி. நம் எடுத்துக்காட்டில் அறுபது பங்கு வைத்திருப்பவர் விடுதி தொடங்க விரும்பி, நாற்பது பங்குள்ள மைத்துனர் எதிர்த்து வாக்களித்தால் தீர்மானம் தோற்றுவிடும். ஆகவே எந்தத் தொழில் உறுதியாக வரப்போகிறது என்பதைக் கூட்டாளிகள் பதிவுக்கு முன்பே பேசி முடிவு செய்து 3(அ)-வில் எழுதிவிடுவது மேல். பெரும்பான்மைப் பங்கு கையில் இருப்பதால் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தெரிவதில்லை.

இருவரும் ஒத்துப்போனால், கூட்டத்துக்கு முழுமையாக 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மாற்றத்துக்கான காரணத்தை விளக்கும் குறிப்பை இணைத்துத் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும். அதன்பின் 30 நாளுக்குள் MGT-14 படிவத்தில் திருத்திய மெமொராண்டத்துடன் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவாளர் அதைப் பதிவு செய்து சான்றளிக்கும்வரை மாற்றம் நடைமுறைக்கு வராது. அதுவரை விடுதி அறைகளுக்கு முன்பணம் வாங்குவதையும், வீட்டின் குத்தகைப் பத்திரத்தில் கம்பெனி பெயரில் கையெழுத்திடுவதையும் தள்ளிவைக்க வேண்டும்.