உப்பளத்து மோட்டார் மழையில் நனைவதில்லை, காற்றில்தான் நனைகிறது

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வேதாரண்யத்தில் உப்பு வாருவது நின்றுவிடும். பாத்தியில் மழைத்தண்ணீர் நிற்கும்போது கடல்நீர் ஏற்றும் பம்புக்கும் வேலை இல்லை. தை பிறந்து, பாத்திகளைச் சீர் செய்து மறுபடி சுவிட்சைப் போடும்வரை மோட்டார் நூறு நாள்வரை சும்மா கிடக்கும். அது எரிவதும் பெரும்பாலும் அந்த முதல் சுவிட்சில்தான். கொட்டகை ஒழுகாமல் இருந்திருக்கும், மோட்டார் மேல் ஒரு சொட்டு மழை விழுந்திருக்காது. ஆனாலும் காயில் போய்விடும்.

காரணம் காற்றில் இருக்கிறது. இரவில் வெப்பம் 23 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 37 கிலோவாட், அதாவது 50 குதிரைத்திறன் மோட்டாரில் சில நூறு கிலோ இரும்பும் செம்பும் இருக்கின்றன. விடியும்போது அத்தனையும் 23 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும். வெயில் ஏறினால் காற்று ஒரு மணி நேரத்தில் 29 டிகிரிக்குப் போய்விடும், இரும்பு போகாது. அந்தக் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அது 26 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீராகப் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல மோட்டாரும் வியர்க்கும், வெளியிலும் உள்ளேயும்.

முழுக்க மூடிய மோட்டாருக்குள் காற்று எப்படிப் போகும் என்று கேட்கலாம். மூடியது என்றாலும் அது மூச்சு விடுகிறது. பகலில் உள்காற்று விரிந்து ஷாஃப்ட் சீல் வழியாகவும் டெர்மினல் பாக்ஸ் வழியாகவும் வெளியேறும், இரவில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஐ.பி. 55 என்ற முத்திரை பீய்ச்சும் தண்ணீரைத் தடுப்பதற்குத்தான், ஈரக்காற்றைத் தடுக்காது.

உப்பளத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. காயில் மேல் மெல்லிய உப்புத்தூசி படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், பனி படியாவிட்டாலும் சோற்றுப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவது இதனால்தான். கசிந்த உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காயில் கம்பியின் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இரண்டு அருகருகே இருந்தால், அவற்றுக்கிடையே இந்த ஈரப்படலம் பாலம் போட்டுவிடும். சுவிட்ச் போட்ட நொடியில் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகும்.

இதைத் தடுக்க மோட்டாருக்குள்ளேயே வைக்கும் சின்னச் சூடாக்கிதான் ஸ்பேஸ் ஹீட்டர். அது செய்வது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே இருப்பதை வெளிக்காற்றைவிடக் குறைந்தது 5 டிகிரி சூடாக வைத்திருப்பது. வெளியே 26 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே காற்று மோட்டாருக்குள் 31 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 71 சதவீதமாக இறங்கிவிடும். தண்ணீரின் அளவு குறையவில்லை, காற்றின் கொள்ளளவு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். 71 என்பது உப்பு கசியும் 75-க்குக் கீழே. மயிரிழையில் தப்பிக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். தூசியில் மக்னீசியம் குளோரைடு கலந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கும். உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீர் தெறிக்கும் இடத்தில் இருக்கும் மோட்டாரை, நிறுத்தும் முன் ஒர்க்‌ஷாப்பில் பிரித்து, நல்ல தண்ணீரில் காயிலைக் கழுவி, உலர்த்தி, வார்னிஷ் கொடுப்பதுதான் வழி. ஹீட்டர் மட்டும் காப்பாற்றாது.

ஹீட்டர் என்பது சிலிக்கான் ரப்பர் பட்டைக்குள் வைத்த மெல்லிய கம்பி. காயில் முனை வெளியே வளைந்து நிற்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். அதன் இரண்டு வயர்கள் டெர்மினல் பாக்ஸில் HE1, HE2 என்ற குறியோடு இருக்கும். நம் உதாரண மோட்டாரில் 30 வாட் பட்டை இரண்டு, இணையாக இணைத்தது. 230 வோல்ட்டில் மொத்தம் 60 வாட். மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 880 ஓம் காட்ட வேண்டும். 1760 காட்டினால் ஒரு பட்டை அறுந்துவிட்டது, மோட்டாரின் ஒரு முனை மட்டுமே சூடாகிறது என்று அர்த்தம். உடம்பைத் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நூறு நாளைக்கு மின்செலவு 144 யூனிட்.

வயரிங்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மோட்டார் ஓடும்போது ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காயிலின் சொந்தச் சூட்டோடு இதுவும் சேர்ந்து அந்த இடம் வெந்துபோகும். அதற்காக ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரின் மெயின் காண்டாக்டரில், நின்றிருக்கும்போது மூடியிருக்கும் துணைத் தொடர்பு வழியாக ஹீட்டருக்கு லைன் கொடுப்பார்கள். இதுவரை சரி. அந்த லைனை ஸ்டார்ட்டருக்குள் இருந்தே எடுத்திருந்தால், சீசன் முடிந்து மெயின் சுவிட்சை இறக்கிய அன்றே ஹீட்டரும் செத்துவிடும். தேவைப்படும் நூறு நாளும் அது வேலை செய்யாது. ஆகவே ஹீட்டருக்குத் தனி எம்.சி.பி. வேண்டும், கூடவே எரியும் ஒரு சின்ன இண்டிகேட்டர் விளக்கும் வேண்டும். இதன் மறுபக்கம் ஆபத்தானது: மெயினை இறக்கிய பிறகும் டெர்மினல் பாக்ஸுக்குள் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். மூடியின் மேலேயே அதை எழுதி ஒட்டுங்கள்.

தார்ப்பாயை மோட்டாரோடு இறுக்கிச் சுற்றிக் கயிறு கட்டுவது வழக்கம். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான். மேலே கூரை மாதிரி போட்டுக் கீழே திறந்து விடுங்கள். மோட்டாரின் அடிப்பகுதியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றிவிடுங்கள், படிந்த நீர் இறங்கட்டும்.

பேரிங்குக்கு வேறு வைத்தியம். பக்கத்தில் மழைநீரை இறைக்கும் டீசல் பம்பு ஓடினால், அதன் அதிர்வில் அசையாத குண்டுகள் ஒரே இடத்தில் உரசி, கிரீஸைத் தள்ளி, தடத்தில் வரிசையாகப் பள்ளம் போடும். மாதம் ஒருமுறை ஷாஃப்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றி, சாக்பீஸ் குறி போன தடவை நின்ற இடத்திலிருந்து கால் சுற்று தள்ளி நிற்கும்படி விடுங்கள். பத்துச் சுற்று கிரீஸைப் பரப்ப, கால் சுற்று குண்டுகளின் இடத்தை மாற்ற.

தையில், காயிலின் மின்காப்பு எதிர்ப்பை அளக்கும் மெகர் வையுங்கள். ஹீட்டரை அணைத்து, ஸ்டார்ட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி, 500 வோல்ட் டி.சி.யில் ஒரு நிமிடம். காயில் 25 டிகிரியில் 40 மெகாஓம் வந்தது என்றால் மகிழ்ந்துவிட வேண்டாம். காயில் சூடு 10 டிகிரி ஏறினால் இந்த அளவு பாதியாகும். ஒப்பிட வேண்டிய 40 டிகிரிக்கு மாற்றினால் அது 14 மெகாஓம்தான். இந்த வகை மோட்டாருக்கு 5 மெகாஓம் குறைந்தபட்சம், ஆகவே ஓட்டலாம். ஐப்பசியில் நிறுத்தும்போது எடுத்த அளவு 400 என்றிருந்தால் மட்டும் ஹீட்டரைச் சந்தேகியுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நடந்தது போல நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனால் ஹீட்டரும் இல்லை. மின்சாரம் வந்ததும் 60 வாட் எல்லாவற்றையும் உலர்த்திவிடும் என்று நம்பாதீர்கள். அது ஈரம் வராமல் காக்கும், ஊறிப்போனதை உலர்த்தும் வலு அதற்கு இல்லை. அளவு 5-க்குக் கீழே இருந்தால் காயிலை மெல்ல, மணிக்கு 5 முதல் 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் சூடாக்கி 80 டிகிரி அளவில் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே நீராவி கிளம்பி வார்னிஷைக் கிழிக்கும். மணிக்கொருமுறை மெகர் எடுத்தால் அளவு முதலில் ஏறாது, இறங்கும். பாதிப்பேர் அங்கே பயந்து சூட்டை நிறுத்திவிடுகிறார்கள். சூடு ஏறுவதாலும் ஈரம் காயிலுக்குள் பரவுவதாலும் வரும் இறக்கம் அது. ஒரு கட்டத்தில் அடிமட்டம் தொட்டு, ஈரம் வெளியேறத் தொடங்கியதும் அளவு ஏறும். ஏறி, சூடு மாறாமல் இருக்கும்போதே சில மணி நேரம் ஒரே அளவில் நின்றால்தான் காய்ந்தது என்று கணக்கு.