ஒப்பிடுவதற்கு முன் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள்

ஓர் ஒப்பந்தப் பக்கத்தின் இரண்டு ஸ்கேன்களை அப்படியே ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தபோது, எல்லா எழுத்துகளும் மாறிவிட்டதுபோல் திரை முழுவதும் வேறுபாடுகளே தெரிந்தன. உண்மையில் மாறியிருந்தது ஓர் இலக்கம்தான்: பணம் செலுத்தும் கெடு 30 நாளிலிருந்து 80 நாளாகியிருந்தது.

300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த ஏ4 பக்கம் 3508 பிக்சல் உயரம் கொண்டது. தாள் அரை டிகிரி சாய்ந்திருந்தாலே மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே சுமார் 30 பிக்சல் விலகல் வந்துவிடும். அச்செழுத்தின் கோடோ நான்கைந்து பிக்சல் தடிமன்தான். தாளை உருளைகள் இழுத்துச் செல்லும் ஸ்கேனரில் நீளவாக்கில் மட்டும் சிறிது இழுவையும் சேர்வதால், சுழற்சியையும் நகர்வையும் மட்டும் சரிசெய்தால் போதாது. அகல அளவையும் நீள அளவையும் தனித்தனியே திருத்த இடம் தர வேண்டும்.

முதல் படத்தில் p1, இரண்டாம் படமான b-யில் p2 எனப் பொதுவான புள்ளிகளைக் கண்டுபிடித்த பின், OpenCV நூலகத்தைக் கொண்டு நான் இயக்குவது இதைத்தான்; w, h என்பவை முதல் படத்தின் அகலமும் உயரமும்:

```
M, ok = cv2.estimateAffine2D(p2, p1, ransacReprojThreshold=3)
b2 = cv2.warpAffine(b, M, (w, h))
```

பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத புள்ளிகளை இந்தக் கணக்கு ஒதுக்கிவிடுவதால், திருத்தப்பட்ட இடம் பொருத்தத்தைத் தன் பக்கம் இழுப்பதில்லை. ஆனால் புள்ளிகள் பக்கமெங்கும் பரவியிருக்க வேண்டும். என் முதல் முயற்சியில் அவை முத்திரை இருந்த மேற்பகுதியிலேயே குவிந்துவிட்டதால், கீழே ஆறு பிக்சல் விலகல் எஞ்சியது. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குச் சில புள்ளிகள் என எடுத்த பிறகே அது சரியானது.

விலகல் எஞ்சியிருக்கிறதா என்பதை அறிய, ஒரு படத்தைச் சிவப்பிலும் மற்றதை நீலப்பச்சையிலும் ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். ஒரு மூலையிலுள்ள எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே பக்கத்தில் வண்ண விளிம்பு தெரிந்தால் அது பொருத்தத்தின் பிழை. அண்டை எழுத்துகள் சுத்தமாக இருக்க, ஓர் எழுத்தில் மட்டும் வண்ணம் தங்கினால் அது மாற்றம். அந்த 8-இன் இடப்புற வளைவுகள் அப்படித்தான் தனித்து நின்றன.

மிச்சமிருக்கும் ஓரிரு பிக்சல் நடுக்கத்துக்காக, ஒரு படத்தின் மையை இரண்டு பிக்சல் தடிமனாக்கி, அதற்கு வெளியே விழும் மற்றதன் மையை மட்டும் குறிக்கிறேன். பிறகு படங்களை மாற்றிப்போட்டு மீண்டும் செய்கிறேன், ஏனெனில் அழிக்கப்பட்டவை ஒரு திசையிலும் சேர்க்கப்பட்டவை மறுதிசையிலுமே தெரியும். பக்கத்தை இடத்துக்கு இடம் வளைத்துப் பொருத்தும் முறைகளை நான் தவிர்க்கிறேன். நகர்த்தப்பட்ட சொல்லையும் அவை பழைய இடத்துக்கே இழுத்துவிடக்கூடும்.

சிறு பொட்டுகளைத் தூசி என்று தானாக நீக்கும் வடிகட்டியிலும் ஆபத்து உண்டு. புள்ளி காற்புள்ளியாக மாறினால் எஞ்சுவது சில பிக்சல் வால் மட்டுமே. ஐயமிருந்தால், தாளைக் கண்ணாடிமேல் 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்கிறேன். கண்ணாடியில் ஒட்டிய தூசி பக்கத்தின் வேறோர் இடத்துக்குப் போய்விடும். தாளில் உள்ள மை அதே எழுத்தோடு நிற்கும்.