‘மலர்’ என்று வெட்டப் போய் ‘யலர்’ ஆன கதை

எங்கள் வீட்டு கேட்டில் ‘மலர்’ என்று எழுத, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஸ்டென்சில் வெட்டினேன். ‘ம’வை வெட்டி முடித்துத் தூக்கியதும் அதன் வலப்பக்கப் பெட்டிக்குள் இருந்த துண்டு பொத்தென்று தரையில் விழுந்தது. மிஞ்சியது எழுத்தே இல்லை, ஒரு பெரிய ஓட்டை. அதன் மேல் பெயின்ட் அடித்தால் கறுப்புத் திட்டுதான் வரும்.

ஸ்டென்சிலில் எழுத்து என்பது ஓட்டை, எழுத்து இல்லாத இடம்தான் தகடு. நாலு பக்கமும் கோடு சூழ்ந்த வெள்ளை இடத்தை மற்றத் தகட்டோடு பிடித்துவைக்க எதுவுமே இல்லை, அது நடுக்கடல் தீவு. ஆங்கிலத்தில் O, A, D, B (இதில் இரண்டு தீவு), தமிழில் ம, க, த, அப்புறம் சுழி முழுசாக மூடுகிற எல்லா எழுத்தும் இந்த வகைதான். தீவை வெளித் தகட்டோடு இணைக்க, கோட்டின் குறுக்கே வெட்டாமல் விடுகிற சின்னப் பட்டைதான் பாலம். மரப்பெட்டிகளில் பார்க்கிற எழுத்துகள் அங்கங்கே உடைந்து தெரிவது அதனால்தான். வெட்டும் முன் சரிபார்க்க எளிய வழி, எழுத்துக் கோட்டைப் பென்சிலால் நிரப்பிவிட்டு, ஒவ்வொரு வெள்ளை இடத்திலும் விரலை வைத்துப் பென்சில் நிறத்தைத் தொடாமல் காகிதத்தின் ஓரத்துக்கு வர முடிகிறதா என்று பார்ப்பது. வர முடியவில்லையென்றால் அது விழப்போகிற துண்டு.

துண்டு விழாமல் இருக்க ஒரு பாலம் போதும், ஆனால் எழுத்து சுத்தமாக வர அது போதாது. ஒரே பாலத்தில் தொங்கும் தீவு கதவு மாதிரி ஆடும், பிரஷ் பட்டதும் லேசாக எழும்பும், அந்த இடுக்கில் பெயின்ட் தானாகவே உறிஞ்சப்பட்டு உள்ளே ஓடி ஓரத்தில் மீசை வைத்துவிடும். அதனால் பெரிய தீவுக்கு இரண்டு பக்கமும் பிடி வேண்டும். பாலத்தின் நீளம் என்பது எழுத்துக் கோட்டின் தடிமன்தான் என்பதையும் கவனியுங்கள். நீளம் இரண்டு மடங்கானால் அதே அழுத்தத்துக்குப் பாலம் எட்டு மடங்கு வளையும், அகலத்தை இரண்டு மடங்காக்கினாலோ வளைவு பாதிதான் குறையும். ஆகவே எழுத்தைத் தடிப்பாக்கினால் பாலத்தைக் கொஞ்சம் அகலமாக்கிச் சரிக்கட்ட முடியாது, தடித்த தகடு வேண்டும். தகட்டின் தடிமனும் இதே எட்டு மடங்குக் கணக்கில் நமக்குச் சாதகமாக வேலை செய்யும். 0.1 மி.மீ. ஓஹெச்பி ஷீட்டை விட 0.18 மி.மீ. எக்ஸ்ரே ஃபிலிம் ஐந்து மடங்குக்கு மேல் விறைப்பு.

சரி, இரண்டாவது தடவை வெட்டினேன். எழுத்து 10 செ.மீ. உயரம், கோடு 14 மி.மீ., பாலம் 4 மி.மீ. ‘ம’வின் மேல்கோட்டில் ஒரு பாலம், கீழே ஒன்று. மேல்பாலம் கத்தி நழுவி அகலமாகிவிட்டது. அடித்துப் பார்த்தால் தெருவிலிருந்து ‘யலர்’! மேல்பக்கம் மூடினால் ம, திறந்தால் ய, அந்த இடத்தில்தான் நான் கை வைத்திருக்கிறேன். எழுத்தை அடையாளம் காட்டுகிற இடத்தில் பாலம் போடக் கூடாது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். மூன்றாவது தடவை ஒன்றை வலப்பக்கக் கோட்டிலும் ஒன்றை அடிக்கோட்டிலும் வைத்தேன்.

நடுக்கோட்டில் வைத்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கு இடப்பக்கம் இருக்கிற வெள்ளை இடமே மேலே மட்டும் ஒட்டியிருக்கிற நீளமான நாக்கு, தீவல்ல, தீபகற்பம். ஆடுகிற நாக்கில் தீவைக் கட்டினால் இரண்டும் சேர்ந்து ஆடும். ‘ப’வில் தீவே கிடையாது, ஆனாலும் பெரிதாக வெட்டினால் அடிக்கோட்டில் ஒரு பாலம் தேவைப்படுவது இதே நாக்குக்காகத்தான்.

‘ல’வில் பாலமே போடவில்லை. சுழியை மூடாமல் நத்தைக்கூடு மாதிரி வரைந்தால் உள்ளே இருக்கிற வெள்ளை தானாகவே வெளியோடு சேர்ந்திருக்கும், படிக்கிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. ‘ர்’ தொல்லையில்லை. புள்ளி வெறும் ஓட்டைதான், வளையமாகப் போட ஆசைப்பட்டால் மட்டும் அதற்குள்ளும் ஒரு தீவு முளைக்கும்.

எனாமலில் தின்னர் அதிகம் கலக்காதீர்கள், தண்ணியாக இருந்தால் எந்தப் பாலமும் காப்பாற்றாது. ஸ்பாஞ்சைத் தோய்த்து, பழைய பேப்பரில் ஒற்றி, கிட்டத்தட்டக் காய்ந்த நிலையில் நேர்குத்தாகத் தட்ட வேண்டும், இழுக்கக் கூடாது. இரண்டு மெல்லிய பூச்சு. ஃபிலிமை எடுத்ததும் பின்பக்கம் பாருங்கள், ஓரங்களில் ஈரம் தெரிந்தால் அடுத்த எழுத்துக்கு வைக்கும் முன் துடைத்தாக வேண்டும். பால இடைவெளிகளை மெல்லிய பிரஷால் நிரப்பிவிட்டால் கையால் எழுதியது போலவே இருக்கும். நான் நிரப்பவில்லை, இரண்டு ஃபிலிம் வீணாக்கிப் போட்ட பாலம் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.